எந்தக் கிளை நன்றாக ஓடுகிறது? கடைகளை ஒப்பிடும்போது செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மூன்று கிளை வைத்திருப்பவரிடம் எது நன்றாக ஓடுகிறது என்று கேட்டால், கல்லா அதிகம் நிறையும் கடையைத்தான் காட்டுவார். அந்தக் கடை மற்றதைவிட மூன்று மடங்கு பெரியதாக இருக்கும், அல்லது போன வருடம்தான் திறந்ததாக இருக்கும். அதை நம்பி நான்காவது கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்களையும், லாபம் தந்துகொண்டிருந்த பழைய கடையை அவசரப்பட்டு மூடியவர்களையும் நிறையப் பார்த்தாகிவிட்டது. உங்களுக்கு அது நடக்க வேண்டாம்.

வயது வேறுபட்ட கடைகளை ஒப்பிட ஒரு அளவுகோல் இருக்கிறது, அளவு வேறுபட்ட கடைகளை ஒப்பிட இன்னொன்று. முதலாவது சேம்-ஸ்டோர் வளர்ச்சி: போன வருடமும் இருந்த, இந்த வருடமும் இருக்கிற கடைகளின் விற்பனை மட்டும் எவ்வளவு கூடியது என்பது. இரண்டாவது சதுர அடி விற்பனை: ஒரு வருட விற்பனையைக் கடைத் தளத்தின் சதுர அடியால் வகுத்தால் வருவது. இரண்டும் ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். எதைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

விளக்கத்துக்கு ஒரு மாவட்டத் தலைநகரில் மூன்று மளிகை டிபார்ட்மென்டல் ஸ்டோர்கள் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எண்கள் கற்பனை, ஆனால் இந்தத் தொழிலில் காணக்கூடியவை.

பஜார் கடை: 2009இல் திறந்தது, விற்பனைத் தளம் 1,200 சதுர அடி. 2023-24இல் விற்பனை 3.00 கோடி ரூபாய், 2024-25இல் 2.94 கோடி.

பஸ் ஸ்டாண்ட் கடை: 2017இல் திறந்தது, 1,800 சதுர அடி. 3.60 கோடியிலிருந்து 3.87 கோடி.

பைபாஸ் கடை: 2023 அக்டோபர் 1இல் திறந்தது, 4,000 சதுர அடி. முதல் ஆறு மாதத்தில் 1.60 கோடி, அடுத்த முழு வருடத்தில் 4.40 கோடி.

மூன்றையும் கூட்டினால் 8.20 கோடி 11.21 கோடியாகியிருக்கிறது. வளர்ச்சி 36.7 சதவீதம். முதலாளிக்கு சந்தோஷம். இனி அந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்.

செய்ய வேண்டியவை

1. விற்பனையை ஜிஎஸ்டி நீக்கி எடுங்கள்.

வரி உங்கள் பணம் இல்லை, அதன் விகிதமும் மாறிக்கொண்டிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பூ, டூத்பேஸ்ட் போன்றவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரி நீங்கலாக 100 ரூபாய் விற்பனைக்கு முன்பு 118 ரூபாய் பில் போட்டிருப்பீர்கள், இப்போது 105 ரூபாய். அதே எண்ணிக்கையில் அதே சோப்பை விற்றாலும், பில் தொகையை வைத்துப் பார்த்தால் 11 சதவீதம் இறங்கியதுபோலத் தெரியும். கல்லாவில் வந்த பணத்தை விட்டுவிட்டு, ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டும் வரி நீங்கிய மதிப்பைக் கடைவாரியாக எடுத்தால் இந்தக் குழப்பம் இல்லை. ரிட்டர்ன் வந்த சரக்கையும் கழித்துவிடுங்கள்.

2. தளத்தை நீங்களே டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும் சதுர அடியை நம்பி வகுக்காதீர்கள். அதில் சுவர் இருக்கும், மாடிப்படி இருக்கும், சில இடங்களில் வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு பங்குகூட இருக்கும். வாடிக்கையாளர் நடமாடும் இடம், ரேக், பில்லிங் கவுன்டர் இவை விற்பனைத் தளம். குடோன், மேனேஜர் அறை, கழிப்பறை இவை இல்லை. நம் பஜார் கடையின் ஒப்பந்தத்தில் இருப்பது 1,500 சதுர அடி, விற்பனைத் தளம் 1,200தான். ஒரு கடையை ஒப்பந்த அளவாலும் இன்னொன்றைத் தள அளவாலும் வகுத்தால், ஒப்பீடு அங்கேயே கெட்டுவிடும்.

3. எது "பழைய கடை" என்பதற்கு ஒரு விதியை எழுதி வைத்து, அதையே எல்லா வருடமும் பின்பற்றுங்கள்.

விதி மாறினால் விடையும் மாறும். எவ்வளவு மாறும் என்று பாருங்கள். 24 மாதம் நிறைந்த கடைகளை மட்டும் எடுப்பது என்று வைத்தால், நம் கணக்கில் பஜாரும் பஸ் ஸ்டாண்டும்தான் வரும். 6.60 கோடி 6.81 கோடியாகியிருக்கிறது, 3.2 சதவீதம். 12 மாதம் போதும் என்று விதியைத் தளர்த்தினால், பைபாஸ் கடையின் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான விற்பனை இரண்டு பக்கமும் நுழைந்துவிடும். அப்போது 8.20 கோடி 9.34 கோடியாகி, வளர்ச்சி 13.9 சதவீதமாகத் தெரியும். அதே கடைகள், அதே விற்பனைதான்.

என் பரிந்துரை 24 மாதம். 12 மாத விதியில், புதுக் கடை தட்டுத் தடுமாறிய முதல் மாதங்களே ஒப்பீட்டின் அடித்தளமாகிவிடும். 24 மாதம் நிறைந்த பிறகு வரும் விற்பனையை மட்டும் எடுத்தால், முதல் வருடம் அடித்தளத்தில் வராது. டிமார்ட் கடைகளை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் நிறுவனமும் நிதியாண்டின் முடிவில் குறைந்தது 24 மாதம் இயங்கிய கடைகளைத்தான் இந்தக் கணக்கில் சேர்க்கிறது. அமெரிக்காவின் வால்மார்ட் 12 மாதமே போதும் என்கிறது, இடம் மாறிய கடைகளையும் விரிவாக்கிய கடைகளையும்கூடச் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே வேறொரு நிறுவனத்தின் சதவீதத்தைப் பேப்பரில் படித்து உங்கள் சதவீதத்தோடு வைத்துப் பார்க்கும் முன், அவர்கள் விதி என்ன என்று தேடிப் படியுங்கள்.

4. வளர்ச்சியை பில் எண்ணிக்கை, சராசரி பில் தொகை என இரண்டாக உடையுங்கள்.

இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பில்லிங் சாஃப்ட்வேரில் இரண்டு எண்ணும் இருக்கிறது, எடுக்க ஐந்து நிமிடம் ஆகும்.

பஸ் ஸ்டாண்ட் கடை 7.5 சதவீதம் வளர்ந்திருக்கிறது. உடைத்துப் பார்த்தால் 2023-24இல் 90,000 பில், சராசரி 400 ரூபாய். 2024-25இலும் அதே 90,000 பில்தான், சராசரி 430 ரூபாய். ஒரு பில்கூட அதிகம் போடவில்லை. வந்தவர்களே கூடுதலாக வாங்கினார்களா, அல்லது எண்ணெயும் பருப்பும் விலை ஏறியதால் பில் பெருத்ததா? இந்தியாவில் 2024-25இன் சராசரி சில்லறைப் பணவீக்கம் 4.6 சதவீதம், உணவுப் பொருட்களுக்கு அதைவிட அதிகம். மளிகைக் கடையின் 7.5 சதவீதத்தில் பெரும்பங்கை விலைவாசியே எடுத்துக்கொண்டிருக்கும்.

பஜார் கடையில் இன்னும் தெளிவு. 75,000 பில் 70,000 ஆகியிருக்கிறது, சராசரி 400 ரூபாயிலிருந்து 420 ஆகியிருக்கிறது. விற்பனை 2 சதவீதம்தான் குறைந்ததாகத் தெரிந்தாலும், பில் எண்ணிக்கை கிட்டத்தட்ட 7 சதவீதம் சரிந்திருக்கிறது. விலையேற்றம் அந்தச் சரிவை மூடி மறைத்துவிட்டது. இரண்டு கடைகளையும் சேர்த்த 3.2 சதவீத வளர்ச்சி, விலைவாசி உயர்வைக்கூட எட்டவில்லை என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். 36.7 சதவீதம் என்று ஆரம்பித்த கதை இங்கே வந்து நிற்கிறது.

5. சதுர அடியைக் கடை திறந்திருந்த மாதங்களுக்கு ஏற்பக் கணக்கிடுங்கள்.

2023-24இல் மூன்று கடைகளின் மொத்தத் தளம் மார்ச் 31 அன்று 7,000 சதுர அடி. 8.20 கோடியை அதால் வகுத்தால் 11,714 ரூபாய் வரும். அடுத்த வருடம் 11.21 கோடியை அதே 7,000ஆல் வகுத்தால் 16,014. அடேயப்பா, ஒரே வருடத்தில் 37 சதவீத முன்னேற்றம் என்று தோன்றும்.

ஆனால் முதல் வருடத்தில் பைபாஸ் கடை பாதி வருடம்தான் திறந்திருந்தது. அதன் 4,000 சதுர அடியை 2,000 என்றுதான் எடுக்க வேண்டும். அப்போது தளம் 5,000, சதுர அடிக்கு 16,400 ரூபாய். அதாவது 16,400இலிருந்து 16,014க்கு லேசாக இறங்கியிருக்கிறது. பெரிய நிறுவனங்களின் எண்ணைப் படிக்கும்போதும் இது ஞாபகம் இருக்கட்டும். டிமார்ட் தன் சதுர அடி விற்பனையை ஆண்டு இறுதியில் இருக்கும் தளத்தால் வகுத்துத்தான் வெளியிடுகிறது. மார்ச்சில் நிறையக் கடைகள் திறந்தால், அவற்றின் தளம் முழுசாகக் கீழே வரும், விற்பனை சில நாட்களுக்குத்தான் மேலே வரும்.

6. பண்டிகையைப் பண்டிகையோடு ஒப்பிடுங்கள், மாதத்தை மாதத்தோடு அல்ல.

தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. 2024 நவம்பரை 2023 நவம்பரோடு வைத்துப் பார்த்த எந்த மேனேஜரும் அலறியிருப்பார். அக்டோபர், நவம்பர் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். நகைக் கடைக்காரர்கள் அட்சய திருதியைக்கும் இதையே செய்யுங்கள்: 2024இல் அது மே 10, 2025இல் ஏப்ரல் 30. பிப்ரவரியில் லீப் வருடத்தின் ஒரு நாள் மட்டுமே மூன்றரை சதவீதம் போல விலகலைத் தரும், அதனால் நாள் சராசரியைப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் நாட்கணக்கில் மூடிக் கிடந்த கடைகள், அந்த நாட்களை இரண்டு வருடக் கணக்கிலிருந்தும் எடுத்துவிட்டு ஒப்பிடுவதே சரி.

7. சதுர அடி விற்பனையோடு நிற்காமல், மார்ஜினும் வாடகையும் கழித்து எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

2024-25இல் பஜார் கடையின் சதுர அடி விற்பனை 24,500 ரூபாய். பஸ் ஸ்டாண்ட் 21,500. பைபாஸ் வெறும் 11,000. இந்த மூன்று எண்ணை மட்டும் பார்த்தால் பைபாஸை உடனே மூடச் சொல்வார்கள். பொறுங்கள்.

பஜாரில் 13 சதவீத மொத்த மார்ஜின். 24,500இல் அது 3,185 ரூபாய். வாடகை ஒப்பந்த அளவான 1,500 சதுர அடிக்கு, மாதம் அடிக்கு 110 ரூபாய். இதை விற்பனைத் தளமான 1,200ஆல் பரப்பினால் வருடத்துக்கு அடிக்கு 1,650 ரூபாய். மிஞ்சுவது 1,535.

பஸ் ஸ்டாண்டில் அதே 13 சதவீதம், 2,795 ரூபாய். வாடகை 80 ரூபாய் வீதம் 2,250 சதுர அடிக்கு, தளத்தில் பரப்பினால் 1,200 ரூபாய். மிஞ்சுவது 1,595.

பைபாஸில் பாத்திரம், பிளாஸ்டிக், வீட்டு உபயோகச் சாமான்கள் அதிகம் விற்பதால் மார்ஜின் 15 சதவீதம், 1,650 ரூபாய். வாடகை 35 ரூபாய் வீதம் 5,000 சதுர அடிக்கு, தளத்தில் பரப்பினால் 525 ரூபாய். மிஞ்சுவது 1,125.

விற்பனையில் இரண்டு மடங்குக்கு மேல் இருந்த இடைவெளி ஒன்றரை மடங்குக்குள் சுருங்கிவிட்டது. முதலிடத்துக்கு பஜாருக்குப் பதில் பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது. மொத்தத் தொகையாகப் பார்த்தால், சம்பளமும் கரன்ட் பில்லும் கழிக்கும் முன் பஜார் தருவது 18.4 லட்சம், பஸ் ஸ்டாண்ட் 28.7 லட்சம், பைபாஸ் 45 லட்சம். பெரிய கடைக்கு ஏசியும் ஆட்களும் அதிகம், அதையும் கழித்துத்தான் கடைசி முடிவுக்கு வர வேண்டும். ஆனால் மூட வேண்டிய கடை என்று அதைச் சொல்ல இந்தக் கணக்கில் இடமில்லை.

செய்யக்கூடாதவை

1. மொத்த விற்பனை வளர்ச்சியைப் பார்த்து அடுத்த கடைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

புதுக் கடை திறந்தால் மொத்தம் கூடத்தான் செய்யும். 36.7 சதவீதத்தில் பழைய இரண்டு கடைகளின் பங்கு 21 லட்சம், மீதி 2.80 கோடியும் பைபாஸ் கடையின் கூடுதல். கடை திறப்பதை நிறுத்திய அன்றே அந்த வளர்ச்சியும் நின்றுவிடும், கடன் தவணை நிற்காது.

2. புதுக் கடையின் முதல் வருட ஏற்றத்தை அதன் நிரந்தர வேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பைபாஸ் கடை அக்டோபர் முதல் மார்ச் வரை முதல் வருடம் 1.60 கோடி, இரண்டாம் வருடம் 2.53 கோடி விற்றது. 58 சதவீதம். பிறந்த குழந்தை மாதாமாதம் எடை கூடும் வேகத்தைப் பள்ளிக்கூடப் பையனோடு யாரும் ஒப்பிடுவதில்லை. புதுக் கடை வளர்வது தெருவுக்குத் தெரிய வருவதால். ஒரு கட்டத்தில் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்துவிடும், ஏற்றம் அடங்கும். அது எப்போது என்று காலாண்டு எண்கள் காட்டும். 2024-25இல் பைபாஸின் நான்கு காலாண்டுகள்: 85 லட்சம், 1.02 கோடி, 1.28 கோடி, 1.25 கோடி. கடைசி இரண்டும் தீபாவளியும் பொங்கலும் உள்ள காலாண்டுகள் என்பதால், இவற்றை மட்டும் வைத்து ஏற்றம் தொடர்கிறதா அடங்கிவிட்டதா என்று சொல்ல முடியாது. 2025 ஏப்ரல்-ஜூன் காலாண்டை முந்தைய 85 லட்சத்தோடு பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

வேறொரு நல்ல ஒப்பீடு உண்டு. பைபாஸின் இரண்டாம் வருடத்தை பஸ் ஸ்டாண்ட் கடையின் இரண்டாம் வருடத்தோடு வைத்துப் பாருங்கள். அந்தப் பழைய பில் எண்ணிக்கை உங்கள் கம்ப்யூட்டரில் எங்காவது இருக்கும். ரூபாய் எண் விலைவாசியால் மாறியிருக்கும், பில் எண்ணிக்கை பொய் சொல்லாது.

3. பழைய கடையின் விற்பனை குறைந்ததும் அதன் மேனேஜர் மேல் பாயாதீர்கள்.

முதலில், நீங்கள் திறந்த புதுக் கடையே அந்த வாடிக்கையாளர்களை எடுத்துக்கொண்டதா என்று பாருங்கள். பஜாரிலிருந்து இரண்டு கிலோமீட்டரில்தான் பைபாஸ் கடை. வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, ஏசி இருக்கிறது. போகத்தான் செய்வார்கள்.

கண்டுபிடிக்கும் வழி, பில் போடும்போது வாங்கும் செல்போன் எண். பைபாஸ் திறப்பதற்கு முந்தைய ஆறு மாதத்தில், அதாவது 2023 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, பஜார் கடையில் குறைந்தது மூன்று முறை வாங்கியவர்களின் எண்களை ஒரு பட்டியலாக எடுங்கள். அந்த எண்களுக்கு பைபாஸில் விழுந்த பில்களைக் கூட்டுங்கள். நம் உதாரணத்தில் அது 2023-24இல் 8 லட்சம், 2024-25இல் 24 லட்சம் என்று வைப்போம். இரண்டையும் பஜாருக்கே திருப்பிக் கொடுத்தால், அதன் விற்பனை 3.08 கோடியிலிருந்து 3.18 கோடி. இரண்டு சதவீத வீழ்ச்சி, 3.2 சதவீத வளர்ச்சியாக மாறுகிறது. பஜார் மேனேஜர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்.

இந்த 24 லட்சம் ஒரு தோராயம்தான் என்பதையும் மனதில் வையுங்கள். பஜாரில் கிடைக்காத பாத்திரத்தை பைபாஸில் வாங்கியவரின் பணமும் அதில் சேர்ந்திருக்கும். எண் கொடுக்காமல் வாங்குபவர்கள் இதில் வரவே மாட்டார்கள். ஆனாலும் எந்தத் திசையில் காற்று அடிக்கிறது என்று தெரிய இது போதும்.

இந்தியாவில் டாமினோஸ் பீட்சா கடைகளை நடத்தும் ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ் நிறுவனம், இப்படிப் பக்கத்திலேயே புதுக் கடை வந்து ஏரியா பிரிந்துபோன பழைய கடைகளை ஒதுக்கிவிட்டு, பிரியாத கடைகளுக்கு என்று ஒரு வளர்ச்சி எண்ணை வெளியிடுகிறது. ஊழியர்களின் போனஸ் சேம்-ஸ்டோர் வளர்ச்சியைப் பொறுத்தது என்றால், நீங்களும் அப்படிப் பிரித்துப் பார்ப்பதுதான் நியாயம்.

4. சின்னக் கடையின் சதுர அடி விற்பனையைப் பெரிய கடைக்கு இலக்காக வைக்காதீர்கள்.

1,200 சதுர அடியில் ரேக்குக்கு நடுவே ஒருவர்தான் போக முடியும், தினமும் விற்கும் சரக்கு மட்டும்தான் வைக்க முடியும். அதனால் அடிக்கு விற்பனை தானாகவே உயரும். 4,000 சதுர அடிக் கடைக்கு ட்ராலி திரும்ப இடம் வேண்டும், மெதுவாகப் போகும் சரக்கும் வேண்டும். வாடிக்கையாளர் அங்கே போவதே அதற்காகத்தான். பைபாஸில் 24,500 வேண்டும் என்று கேட்டால், மேனேஜர் நடைபாதையில் அட்டைப்பெட்டிகளை அடுக்குவார், குடும்பத்தோடு வருபவர்கள் வருவதை நிறுத்துவார்கள்.

5. சதுர அடி விற்பனையையோ சதவீதங்களையோ கூட்டி கடைகளின் எண்ணிக்கையால் வகுக்காதீர்கள்.

மூன்று கடைகளின் சதுர அடி விற்பனையைக் கூட்டி மூன்றால் வகுத்தால் 19,000 ரூபாய். உண்மையான சராசரி, மொத்த விற்பனையை மொத்தத் தளத்தால் வகுத்த 16,014. பெரிய கடைக்கும் சின்னக் கடைக்கும் ஒரே ஓட்டு கொடுத்ததால் வந்த தவறு இது. வளர்ச்சிக்கும் அப்படியே, ரூபாயைக் கூட்டிவிட்டுப் பிறகு சதவீதம் போடுங்கள்.

6. விரிவாக்கிய கடையை ஒன்றும் நடக்காததுபோல் பழைய கடைகளோடு சேர்க்காதீர்கள்.

பக்கத்துக் கடையையும் எடுத்து நடுச்சுவரை இடித்த கடையை நினைத்துக்கொள்ளுங்கள். 1,000 சதுர அடியில் 2 கோடி விற்றது, 1,500 சதுர அடியில் 2.40 கோடி விற்கிறது. சேம்-ஸ்டோர் வளர்ச்சி 20 சதவீதம் என்று பளபளக்கும். சதுர அடி விற்பனை 20,000இலிருந்து 16,000க்கு இறங்கியிருக்கும். புதிதாக வந்த 500 சதுர அடியை மட்டும் பாருங்கள்: அது கொண்டுவந்தது 40 லட்சம், அடிக்கு 8,000 ரூபாய். 13 சதவீத மார்ஜினில் அது 1,040 ரூபாய். அந்தக் கூடுதல் இடத்துக்கு மாத வாடகை அடிக்கு 87 ரூபாயைத் தாண்டினால், சுவரை இடித்தது நஷ்டம். சேம்-ஸ்டோர் வளர்ச்சியும் சதுர அடி விற்பனையும் எதிரெதிர்த் திசையில் போனால், முதலில் தளம் மாறியதா என்றுதான் கேட்க வேண்டும்.

7. மொத்த ஆர்டர்களைக் கடை விற்பனையில் கலக்காதீர்கள்.

ஒரு மில் தன் ஊழியர்களுக்குத் தீபாவளிக்கு வாங்கிய எண்ணெய், இனிப்புப் பெட்டிகள், ஹோட்டலுக்குக் குடோனிலிருந்தே ஏற்றிய அரிசி மூட்டை, இவை கடைத் தளத்தைத் தொடவே இல்லை. பில் போட வசதி என்று ஏதோ ஒரு கிளையின் பெயரில் விழுந்திருக்கும். அடுத்த வருடம் அந்த ஆர்டர் வராவிட்டால் அந்தக் கிளைதான் பழி சுமக்கும். வாட்ஸ்அப் ஆர்டருக்குக் கடை ரேக்கிலிருந்தே எடுத்து டோர் டெலிவரி செய்தால் அதைக் கடை விற்பனையிலேயே வைக்கலாம், ஆனால் தனி வரியில் தெரியட்டும்.

8. மூடிய கடையைச் சத்தமில்லாமல் கணக்கிலிருந்து நீக்காதீர்கள்.

மந்தமான கடையை மூடினால் அது இரண்டு வருடக் கணக்கிலிருந்தும் போய்விடும், மீதிக் கடைகளின் சேம்-ஸ்டோர் வளர்ச்சி உயர்ந்து தெரியும். பார்ட்னருக்கோ பாங்குக்கோ காட்டும் தாளில், எந்தக் கடை எந்த மாதம் போனது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அதை மறைத்து வாங்கிய கடன் பிறகு கழுத்தைப் பிடிக்கும்.

9. டிமார்ட்டின் எண்ணை உங்கள் கடைக்கு அளவுகோலாக்காதீர்கள்.

2023-24இல் அவர்களின் சதுர அடி விற்பனை 32,941 ரூபாய். பஜார் கடையின் 24,500ஐ அதோடு வைத்துப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். பெரும்பாலான இடங்களை அவர்களே சொந்தமாக வாங்கிவைத்திருக்கிறார்கள், வாடகை கொடுத்து நடத்துபவரின் கணக்கு அதுவல்ல. துணியும் வீட்டுச் சாமானும் மளிகையும் கலந்த விற்பனை அது. ஜவுளிக் கடையோ நகைக் கடையோ என்றால் இந்த எண் இன்னும் பொருந்தாது, ஒரு தங்கச் சங்கிலி அரை அடி இடத்தில் விற்றுவிடும். உங்களுக்குச் சரியான ஜோடி, அதே தொழிலில், அதே அளவில், அதே மாதிரி ஊரில் இருக்கும் கடை. அப்படி எதன் கணக்கும் கிடைக்காவிட்டால், அதே கடையின் போன வருடம்.

10. லீஸ் முடியும் மாதத்தில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

பஜார் கடையின் உரிமையாளர் வாடகையை 15 சதவீதம் ஏற்றக் கேட்கிறார் என்று வைப்போம். அடிக்கு 1,650 ரூபாய் 1,898 ரூபாயாகும், மிஞ்சுவது 1,535இலிருந்து 1,287ஆகக் குறையும். பைபாஸின் 1,125க்கு அது இன்னும் மேலேதான், அதனால் சம்பளம், கரன்ட் பில் கழித்த பிறகும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளலாம். 30 சதவீதம் கேட்டால் மிஞ்சுவது 1,040 ரூபாய்தான். அப்போது பேரம் பேச வேண்டும், அல்லது பாதி வாடிக்கையாளரை பைபாஸுக்கு நகர்த்த முடியுமா என்று செல்போன் எண் பட்டியலைத் திரும்ப எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆறு மாதமாவது வேண்டும். உங்கள் கிளைகளின் லீஸ் தேதிகளை இன்றே எடுத்துப் பாருங்கள், முதலில் முடியும் கடையிலிருந்து அளக்கத் தொடங்குங்கள்.